ஒரு நடுக்கத்துக்கான விண்ணப்பம்

என் பெயரில் ஒரு காப்புரிமை விண்ணப்பம் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது. முழு விவரக்குறிப்பைச் சென்ற மாதம், 2025 ஜூலையில், கொடுத்து முடித்தோம். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் தண்ணீர் வற்றியதால் சும்மா சுற்றுகிறதா, இல்லை தண்ணீர் இருந்தும் யாரோ வால்வை மூடிவிட்டதால் திணறுகிறதா என்று பிரித்துப் பார்க்கும் ஒரு சின்ன ஏற்பாடு அது. அவ்வளவுதான் விஷயம்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் சித்தி. குடும்ப வாட்ஸாப் குழுவில் "எங்க பொண்ணு பேட்டன்ட் வாங்கிட்டா" என்று போட்டுவிட்டார். நாற்பது பேர் கைகூப்பினார்கள். கல்லூரி நண்பர்கள் எவ்வளவு பணம் வரும் என்று கேட்டார்கள். நான் வாங்கவில்லை, கேட்டிருக்கிறேன். வீடு கட்ட அனுமதி கேட்டு மனுக் கொடுத்தவரைப் பார்த்துக் கிரகப்பிரவேசம் எப்போது என்று கேட்பது மாதிரி இருந்தது. எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, என்ன நடந்தது, என்ன இன்னும் நடக்கவில்லை என்று ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கோவையில் மோட்டார் பேனல் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். முதலாளியையும் சேர்த்து ஒன்பது பேர். ஸ்டார்ட்டர், ரிலே, ஆம்பியர் மீட்டர், வோல்ட் மீட்டர் எல்லாம் பொருத்திய இரும்புப் பெட்டிகளை விவசாயிகளுக்கும் கடைகளுக்கும் செய்து தருகிறோம். என் மாமாவுக்குப் பொங்கலூர் பக்கம் தோட்டம். தென்னை கொஞ்சம், மீதி சொட்டுநீரில் தக்காளி, வெங்காயம். 900 அடி போர், 7.5 குதிரைத்திறன் மோட்டார். அவருக்கு நாங்கள் செய்து கொடுத்த பேனலில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை நிறுத்தும் ரிலேயும் இருந்தது.

2023 கோடையில் அவர் மோட்டார் எரிந்தது. போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால், அந்த ரிலேயின் இரண்டு முனைகளையும் ஒரு சிவப்பு ஒயரால் இணைத்து வைத்திருந்தார். அதாவது ரிலே உள்ளே இருக்கிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் அதன் பேச்சை மோட்டார் கேட்காது.

"ஏன் மாமா இப்படிப் பண்ணினீங்க?"

"அது தண்ணி இருக்கறப்பவே நிறுத்திப்போடுது அம்மணி. நான் என்ன பண்ணட்டும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நம் பேனலைக் குறை சொல்கிறாரே என்று. அப்புறம் ஒரு நாள் முழுக்க அவரோடு தோட்டத்தில் இருந்து பார்த்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

சொட்டுநீரில் தோட்டத்தை நான்கு பாகமாகப் பிரித்திருந்தார். ஒரு பாகம் நனைந்ததும் அதன் வால்வை மூடி, அடுத்ததைத் திறக்க வேண்டும். அடுத்ததைத் திறந்துவிட்டு இதை மூடுவதுதான் முறை. ஆனால் வால்வுகள் ஒன்றுக்கொன்று இருநூறு அடி தள்ளி இருக்கின்றன, மாமா தனி ஆள். கையோடு இதை மூடிவிட்டுத்தான் அடுத்ததற்கு நடப்பார். அந்த ஒன்றிரண்டு நிமிடம் மோட்டார் தள்ளும் தண்ணீருக்குப் போக இடம் இருக்காது. மோட்டாரின் சுமை குறையும். ரிலே அதைப் பார்த்து, கிணறு வற்றிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடும். நிறுத்தினால் கிணறு ஊறட்டும் என்று 45 நிமிடம் காத்திருக்கும்படி நாங்களே அமைத்திருந்தோம். மும்முனை மின்சாரம் இருக்கிற நேரத்தில் இப்படி நாலு தரம் 45 நிமிடம் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒயரைப் போட்டுவிட்டார். பிறகு நிஜமாகவே கிணறு வற்றிய ஒரு மதியம், தடுக்க ஆள் இல்லை.

வற்றினால் மோட்டாருக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீர்மூழ்கி மோட்டாரின் தாங்கிகளுக்குத் தண்ணீர்தான் எண்ணெய் மாதிரி. மோட்டாரின் உடம்பைக் குளிர வைப்பதும் அதைக் கடந்து மேலே போகிற தண்ணீர்தான். தண்ணீர் போனால் உராய்வும் சூடும் சேர்ந்து வேலையை முடித்துவிடும். அதைவிடப் பெரிய செலவு அதை வெளியே எடுப்பது. 900 அடி என்றால் இருபதடிக் குழாய் நாற்பத்தைந்து. வண்டி கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்து, சரிசெய்து, திரும்ப ஒவ்வொன்றாக மாட்டி இறக்க வேண்டும்.

அப்படியானால் தண்ணீர் மட்டத்தையே நேராகப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். இரண்டு கம்பி முனைகளைக் கிணற்றுக்குள் விட்டுப் பார்க்கும் முறை உண்டு. ஆழம் குறைந்த கிணறுகளில் நன்றாகவே வேலை செய்யும். 900 அடியில் அந்த ஒயர் இறக்கும்போதே குழாய்க்கும் போர்ச் சுவருக்கும் நடுவில் உரசி அறுந்துவிடுகிறது. அறுபடாமல் தப்பினாலும் எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் முனைகளில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. அதனால்தான் எல்லோரும் மேலே, பேனலிலேயே, மோட்டார் எடுக்கும் மின்சாரத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள்.

அதிலும் ஆம்பியரை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மாமாவின் மோட்டார் தண்ணீர் தள்ளும்போது 13 ஆம்பியர் எடுக்கும். முழுக்க வற்றி ஓடும்போதும் 9 ஆம்பியருக்குக் கீழே போகாது. மோட்டார் தன் காந்தப்புலத்தை உண்டாக்கிக்கொள்ள எடுக்கும் கரண்ட், சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரவில் வோல்டேஜ் ஏறினால் அந்தக் கரண்ட்டும் ஏறி, காலியாக ஓடும் மோட்டார்கூட 10 ஆம்பியருக்கு மேல் காட்டும். ஆனால் உண்மையில் வேலைக்குப் போகும் திறனை, அதாவது கிலோவாட்டைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தண்ணீர் தள்ளும்போது 7.2, வற்றினால் சுமார் 3. இது நான் கண்டுபிடித்தது இல்லை. திறனைப் பார்த்து நிறுத்தும் ரிலேக்கள் பல காலமாகக் கடைகளில் கிடைக்கின்றன. மாமா பேனலில் இருந்ததும் அந்த வகைதான்.

வால்வை மூடினால் அதே மோட்டார் 5.4 கிலோவாட் எடுத்தது. அப்படியென்றால் 4 கிலோவாட்டில் எல்லையை வைத்துவிட்டால் போதாதா? 5.4 என்றால் ஓட விடு, 3 என்றால் நிறுத்து. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பட்டறையில் ஒரு மாலை வேலை, முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஏனென்றால் எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவும் சட்டென்று வற்றுவதில்லை. மட்டம் இறங்கி, பம்பு உறிஞ்சும் சல்லடை வரை வந்துவிடும். ஊற்று கொஞ்சம் வந்துகொண்டே இருப்பதால் பம்பு தண்ணீரும் காற்றுமாகக் கலந்து உறிஞ்சும். மேலே குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும். "காத்தக் கக்குது" என்பார்கள். சில கிணறுகளில் இந்த நிலை மணிக்கணக்கில் நீடிக்கும். உடனே மோட்டார் எரியாது, ஆனால் தாங்கி தேய்ந்து, விசிறிகள் அரிபட்டு, ஆறு மாதத்தில் பம்பு போய்விடும். அந்த நேரத்தில் மோட்டார் எடுக்கும் திறன் எவ்வளவு தெரியுமா? ஐந்து, ஐந்தரை கிலோவாட். வால்வு மூடியபோது எடுத்த அதே அளவு. எல்லையை மேலே வைத்தால் வால்வு மூடும்போதெல்லாம் நிற்கும். கீழே வைத்தால் காற்றுக் கலந்து ஓடுவதை விட்டுவிடும். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

இங்கேதான் பல வாரம் சிக்கிக்கொண்டேன். முதலாளி அண்ணா, "விடும்மா, ரிலேயில ஒரு திருகு வெச்சுக் குடுத்துரலாம், அவங்கவங்க தோதுக்கு வெச்சுக்கட்டும்" என்றார். ஏற்கனவே அந்தத் திருகு இருக்கிறது. வயர்மேன் ஒரு குத்துமதிப்பாகத் திருப்பிவிட்டுப் போவார், அதோடு சரி.

வழி கிடைத்தது நான் எதையும் யோசித்ததால் இல்லை. சோம்பேறித்தனத்தால். தோட்டத்தில் உட்கார்ந்து எண்களை நோட்டில் எழுதச் சலிப்பாக இருந்ததால், மின்சாரத்தை அளக்கும் சில்லு ஒன்றை வைத்து நொடிக்குப் பத்து தடவை திறனைப் பதிவு செய்யும் ஒரு சின்னப் பெட்டி செய்து பேனலில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அதை எடுத்து வந்து கணினியில் கோடாகப் போட்டுப் பார்த்தேன். வால்வு மூடிய இடங்களில் கோடு 7.2-இலிருந்து வழுக்கி இறங்கி 5.4-இல் ரூல்தடி வைத்துப் போட்டது போல நின்றது. கிணறு வற்றிய இடங்களில், விழுவதற்கு முன்னால் கோடு நடுங்கியது. 7, பிறகு 5.8, திரும்ப 6.9, பிறகு 5.3. முப்பது நொடியிலிருந்து ஒன்றரை நிமிடம் வரை இப்படிக் குதித்துவிட்டுத்தான் கீழே விழுந்தது. பம்பு ஒரு வாய் காற்றை விழுங்கினால் சுமை குறையும், அடுத்த வாய் தண்ணீர் வந்தால் ஏறும். மேலே குழாயில் கண்ணால் பார்க்கிற அந்த விட்டு விட்டு வருதல்தான் மின்சாரத்திலும் தெரிகிறது.

ஆக, எவ்வளவுக்கு விழுந்தது என்பதைப் பார்க்க வேண்டாம். விழுவதற்கு முந்தைய ஒரு நிமிடம் எப்படி இருந்தது என்று பார்த்தால் போதும். நடுங்கிவிட்டு விழுந்தால் தண்ணீர் இல்லை, உடனே நிறுத்து. நடுங்காமல் வழுக்கி இறங்கினால் வால்வு மூடியிருக்கிறது, சில நிமிடம் பொறு. யாராவது வந்து திறப்பார்கள். திறக்காவிட்டால் பம்புக்குள்ளேயே சுற்றும் தண்ணீர் சூடாகிவிடும், அப்போது நிறுத்து. அப்படி நிறுத்தினாலும் 45 நிமிடம் காத்திருக்கத் தேவையில்லை.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் அதே டிரான்ஸ்ஃபார்மரில் இன்னொரு மோட்டார் கிளம்பினால் வோல்டேஜ் ஒரு கணம் அமுங்கி எழும். மாமாவின் மோட்டாரின் திறனும் சேர்ந்து குதிக்கும். அந்த நேரம் பார்த்து மாமா வால்வை மூடினால், என் பெட்டி அதை நடுக்கம் என்று எண்ணிக்கொள்ளும். ஒரு நாள் காலையில் அப்படி மூன்று தடவை தவறாக நிறுத்தி மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் வோல்டேஜையும் கூடவே பதிவு செய்து, வோல்டேஜ் அசைந்ததால் வந்த அசைவைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் நடுக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் விண்ணப்பத்துக்கு உயிர் கொடுத்தது இந்தக் கழித்தல்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

காப்புரிமை பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. புத்தகங்களின் இரண்டாம் பக்கத்தில் "காப்புரிமை ஆசிரியருக்கு" என்று போடுகிறார்களே, அதுதான் எனக்குத் தெரிந்த காப்புரிமை. அது பதிப்புரிமை, எழுதியவுடனே தானாக வருவது. இது வேறு, கேட்டு வாங்க வேண்டியது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணா இதை அந்த ஆண்டு வேளாண் கண்காட்சியில் வைத்துவிடலாம் என்று குதித்தார். கடை எடுக்க முன்பணம்கூடக் கட்டிவிட்டார். நல்ல வேளையாக என் தோழியின் அக்கா ஒருவர் காப்புரிமை முகவர் அலுவலகத்தில் வேலை செய்தார். அவர்தான் போனில் கத்தினார், விண்ணப்பம் போடுகிற வரைக்கும் எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் விளக்காதே என்று. உலகத்துக்கு ஏற்கனவே தெரிந்துவிட்ட ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது, தெரியப்படுத்தியது நீயாகவே இருந்தாலும். கண்காட்சிக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு, ஆனால் அது அரசு அதற்கென்று அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும். கடையில் பழைய பேனல்களையே வைத்தோம்.

மாமா தோட்டத்தில் மாட்டி ஓட்டிப் பார்த்தோமே, அதுவும் வெளியே தெரியப்படுத்தியதாக ஆகிவிடாதா என்று எனக்குப் பயம் வந்தது. அதற்கும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். வெளியில் வைத்துச் சோதித்தால்தான் வேலை செய்கிறதா என்று தெரியும் என்கிற வகைப் பொருளாக இருந்து, சோதனைக்காக மட்டும் ஓட்டி, ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பித்துவிட்டால் அது குற்றமாக எண்ணப்படாது. 900 அடிக் கிணற்றைப் பட்டறைக்குள் தோண்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

2024 ஆகஸ்டில் தற்காலிக விவரக்குறிப்பு போட்டோம். இது ஒரு முன்பதிவு மாதிரி. என்ன யோசனை, எப்படி வேலை செய்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அன்றைய தேதி நமக்கு உறுதியாகிவிடும். அதற்குப் பிறகு பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தனி ஆளாக இணையம் வழியே போட்டால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முகவருக்குக் கொடுப்பது அதைப் போலப் பல மடங்கு. எதையும் தமிழில் எழுதிக் கொடுக்க முடியாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். இந்தி அல்லது ஆங்கிலம், இரண்டில் ஒன்றுதான். "காத்தக் கக்குது" என்பதை ஆங்கிலத்தில் எழுத எனக்கு ஒரு பத்தி தேவைப்பட்டது.

அந்தப் பன்னிரண்டு மாதத்தில் நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமானது. முகவர் மேடம் என்னிடம், நீங்கள் புதிது என்று நினைக்கிறதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள் என்றார். ஐந்து எழுதினேன். திறனைப் பார்த்து நிறுத்துவது, வோல்டேஜுக்குத் தக்கபடி எல்லையைத் தானே மாற்றிக்கொள்வது, கிணறு போன தடவை எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்த்துக் காத்திருக்கும் நேரத்தைத் தானே கூட்டிக் குறைப்பது, வற்றியதையும் வால்வு மூடியதையும் நடுக்கத்தால் பிரிப்பது, நின்ற காரணத்தைப் போனுக்குச் சொல்வது. "இப்போ வீட்டுக்குப் போய் ஒவ்வொண்ணா அடிங்க" என்றார்.

இலவசமாகத் தேடும் தளங்கள் இருக்கின்றன. நம் அரசின் தேடல் பக்கம் ஒன்று, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், கூகுளின் காப்புரிமைத் தேடல். சொற்களை வைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரில் எழுதியிருப்பார்கள். வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேட வேண்டும். இந்த வகைப் பம்புகள் F04D, மின்பாதுகாப்புச் சுற்றுகள் H02H. இரண்டு மாதம் இரவு உணவுக்குப் பிறகு இதுதான் வேலை.

முதலாவது அன்றே போய்விட்டது. எண்ணெய்க் கிணறுகளில் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை நான் மிகவும் நம்பியிருந்தேன், எனக்கு மட்டுமே தோன்றிய யோசனை என்று. அதுவும் வேறொரு நாட்டில் விற்பனையிலேயே இருந்தது. ஐந்தாவது, போனுக்குச் செய்தி அனுப்புவதை யாரும் புதிது என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான்காவதிலும் ஓர் அடி விழுந்தது. திறன் ஏறி இறங்குவதை வைத்துக் காற்று புகுந்ததைக் கண்டுபிடிக்கும் பழைய ஆவணம் ஒன்று கிடைத்தது. அன்று இரவு மேடத்துக்கு, விட்டுவிடலாம் என்று செய்தி அனுப்பினேன்.

மறுநாள் அவர் அந்த ஆவணத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "இதுல வால்வு பத்தி எங்கேயும் பேசலை. வோல்டேஜைக் கழிக்கிறதும் இல்லை. உங்களுது அதுதான், அதை மட்டும் கேட்போம்." மாமாவிடம் திட்டு வாங்கிய அந்த மூன்று தவறான நிறுத்தல்களிலிருந்து வந்ததுதான் கடைசியில் மிஞ்சியது.

விவரக்குறிப்பின் கடைசியில் உரிமைக் கோரல்கள் என்று ஒரு பகுதி இருக்கும். மற்றதெல்லாம் விளக்கம், இதுதான் வேலி. ஒவ்வொரு கோரலும் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும். என் முதல் கோரலைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: மும்முனை மோட்டாருக்குப் போகும் திறனையும் மின்னழுத்தத்தையும் அளக்கும் பகுதி, திறன் ஓர் அளவுக்குக் கீழே விழும்போது அதற்கு முந்தைய குறித்த நேரத்தில் அது எவ்வளவு ஏறி இறங்கியது என்று கணிக்கும் பகுதி, அதிலிருந்து மின்னழுத்த மாற்றத்தால் வந்ததைக் கழிக்கும் பகுதி, மிஞ்சியது வரம்பைத் தாண்டினால் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரை உடனே விடுவித்தும் தாண்டாவிட்டால் குறித்த நேரம் பொறுத்த பின் விடுவித்தும் மோட்டாரை நிறுத்தும் பகுதி ஆகியவை கொண்ட ஒரு கட்டுப்பாட்டுக் கருவி.

இவ்வளவு நீளமாக இருக்கிறதே, நிறைய உரிமை கேட்டிருக்கிறாய் போல என்று அப்பா கேட்டார். நேர்மாறு. இதில் சொன்ன எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் என் வேலிக்குள் வரும். வேறொருவர் மின்னழுத்தத்தைக் கழிக்காமல் வேறு வழியில் செய்தால் அது என்னுடையதில்லை. ஒவ்வொரு சொல் கூடும்போதும் வேலி உள்ளே நகர்கிறது. முதலில் ஒரு ஏக்கர் கேட்க நினைத்தவள், இப்போது ஒரு சென்ட் கேட்டிருக்கிறேன் என்று வையுங்கள்.

அதை ஒரு கருவியாக எழுதியதற்கும் காரணம் உண்டு. வெறும் கணக்கு முறைக்கும், கணினி நிரலுக்கு மட்டுமாகவும் இந்தியாவில் காப்புரிமை கிடையாது. சட்டத்தின் மூன்றாம் பிரிவில் அப்படி விலக்கியவற்றின் பட்டியல் இருக்கிறது. என்னுடையதில் பாதி கணக்குதான், அதை மறைக்க முடியாது. அதனால் கணக்கு எங்கிருந்து எண்களை எடுக்கிறது, முடிவில் எந்த கான்டாக்டர் விடுபடுகிறது, மோட்டாருக்கு என்ன நன்மை என்பதை ஒவ்வொரு வரியிலும் கட்டிப்போட்டிருக்கிறோம். ஆய்வாளர் இந்த இடத்தில்தான் கேள்வி கேட்பார் என்று மேடம் இப்போதே சொல்லிவிட்டார். மொத்தம் ஒன்பது கோரல்கள். பத்தைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் தனியாக 320 ரூபாய் என்பதும் ஒன்பதில் நிறுத்தியதற்கு ஒரு சின்னக் காரணம்.

இப்போது என்னிடம் இருப்பது ஓர் எண். 202441 என்று தொடங்குகிறது. 2024 ஆண்டு, 4 என்றால் சென்னை அலுவலகம், 1 என்றால் சாதாரண விண்ணப்பம், மீதி வரிசை எண். முதல் தேதியிலிருந்து பதினெட்டு மாதம் முடிந்ததும், அதாவது 2026 பிப்ரவரிக்குப் பிறகு, வெள்ளிக்கிழமை தோறும் வரும் காப்புரிமை அலுவலக இதழில் இது வெளியாகும். ஆய்வு செய்யச் சொல்லி நான் தனியாகக் கேட்டு, 4,000 ரூபாய் கட்ட வேண்டும். முப்பத்தொரு மாதத்துக்குள் கேட்காவிட்டால் எல்லாம் போச்சு. பிறகு ஆய்வாளர் ஆட்சேபங்களை எழுதி அனுப்புவார், ஆறு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இதழில் வெளியானதிலிருந்து உரிமை வழங்கும் நாள் வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம், இதைப் படிக்கும் நீங்கள்கூட. இப்படி ஒன்று ஏற்கனவே இருப்பது உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பொய்யாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அலைவதைவிட அது நல்லது.

அண்ணாவுக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, பெட்டியில் "பேட்டன்ட் பெற்றது" என்று ஸ்டிக்கர் அடிக்கலாமா. கூடாது, பெறாததைப் பெற்றதாகப் போடுவது அபராதத்துக்குரியது. விண்ணப்பித்திருக்கிறோம் என்று போடலாம், அது உண்மை. அவர் கொஞ்சம் முகம் வாடி, ஸ்டிக்கரே வேண்டாம் என்றுவிட்டார். இரண்டாவது, நாளைக்கே இன்னொரு பட்டறை இதைப் பார்த்துச் செய்தால் என்ன பண்ணுவது. இன்றைக்கு ஒன்றும் பண்ண முடியாது. உரிமை கிடைத்தால் அதன் பிறகு வழக்குப் போடலாம். இழப்பீட்டை இதழில் வெளியான நாளிலிருந்து கணக்கிட்டுக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் அவர்கள் செய்துகொள்ளட்டும். கிடைத்தாலும் அது முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து இருபது ஆண்டுக்குத்தான், இந்தியாவுக்குள் மட்டும்தான். வெளிநாடுகளில் கேட்க இந்த மாதம்தான் கெடு. அதற்கான பணம் எங்களிடம் இல்லை, கேட்கப்போவதும் இல்லை.

கருவியின் குறைகளையும் சொல்லாவிட்டால் இந்த அறிவிப்பு பாதிதான். தண்ணீரை மையத்திலிருந்து வெளிப்பக்கமாக வீசும் விசிறிகள் உள்ள பம்புகளில்தான் வால்வை மூடினால் சுமை இப்படிக் குறையும். தண்ணீர் அதிகமாகவும் உயரம் குறைவாகவும் தள்ளுகிற வேறு வகை விசிறிகளில் வால்வை மூடினால் சுமை குறையாமலே இருக்கலாம், ஏறவும் செய்யலாம். அங்கே என் பெட்டி எதையும் கவனிக்காது. இன்னொன்று, மோட்டார் கிளம்பும்போதே கிணற்றில் தண்ணீர் இல்லையென்றால் முந்தைய நடுக்கம் என்று ஒன்று இருக்காது. அதற்குப் பழையபடி ஒரே எண்ணைத்தான் நம்பியிருக்கிறோம். இதுவரை ஓட்டிப் பார்த்தது நான்கு கிணறுகளில், நான்கும் பொங்கலூர், பல்லடம் சுற்றுவட்டாரம். வேறு மண், வேறு ஊற்று உள்ள இடத்தில் நடுக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க, இந்தக் கோடையில் இன்னும் இரண்டு பெட்டிகள் செய்து வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியைக் கையில் வாங்கி, படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "நம்ம போர் எங்க இருக்குது இதுல?" என்று கேட்டார். ஒன்பதாம் பக்கத்தில் உள்ள கோட்டுப்படத்தைக் காட்டினேன். சரி என்று தலையாட்டினார். கிளம்பும்போது பேனலைத் திறந்து பார்த்தேன். அந்தச் சிவப்பு ஒயரை வெட்டி எறியவில்லை. ஒரு முனையை மட்டும் கழற்றி, டேப் சுற்றி, எட்டுகிற தூரத்தில் மடித்து வைத்திருக்கிறார்.